கோடில்லாத காலத்துக் குறிகள் மெட்டைக் காப்பாற்றினவா?

மாலைமணி:
பழைய சர்ச் பாட்டுக்குக் குறி போட ஆரம்பித்ததே மெட்டு அழியாமல் இருக்கத்தான் என்று படித்தேன். ஆனால் 10ஆம் நூற்றாண்டுச் சுவடி ஒன்றின் படத்தைப் பார்த்தால், வார்த்தைகளுக்கு மேல் கொக்கி கொக்கியாக ஏதோ இருக்கிறது, சுரத்தின் உயரத்தைக் காட்டும் கோடே இல்லை. இதைப் பார்த்து எப்படிப் பாடினார்கள்?

தெற்குத்தெரு:
இது கிரகோரியன் பாடல். பெயரிலேயே இருக்கிறதே, போப் கிரகோரியார்தான் பாடல்களைத் தொகுத்து எழுதிவைத்தார். புறா வடிவில் தூய ஆவி அவர் காதில் பாட, அவர் சொல்லச் சொல்ல எழுத்தர் எழுதினார் என்று படமே உண்டு. நீங்கள் பார்த்த கொக்கிகள் அதன் ஆரம்ப வடிவம். பிறகு 11ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் அரெஸ்ஸோ ஊர்த் துறவி குயிதோ கோடு போட்டு அதை முழுமையாக்கினார். மெட்டைக் காப்பாற்றத்தான் எல்லாம், அதில் என்ன சந்தேகம்?

ஆல்டோ அக்கா:
தெற்குத்தெரு தம்பி, குயிதோ பற்றிச் சொன்னது சரி. கிரகோரியார் பற்றிச் சொன்னது நிற்காது. அவர் இறந்தது 604இல். அவர் காலத்தை ஒட்டி வாழ்ந்த செவில் நகர ஆயர் இசிதோர், மனிதன் நினைவில் வைத்துக்கொள்ளாவிட்டால் ஒலிகள் அழிந்துபோகும், ஏனென்றால் அவற்றை எழுத முடியாது என்று தெளிவாக எழுதியிருக்கிறார். பழைய கிரேக்க, ரோமானிய அறிவையெல்லாம் தொகுத்த மனிதர் அவர். அவருக்கே எழுதும் வழி தெரியவில்லை. நீங்கள் சொல்லும் புறாப் படம் சுவிட்சர்லாந்தின் சாங்க்ட் காலன் மடத்தில் சுமார் 1000ஆம் ஆண்டில் ஹார்ட்கர் என்ற துறவி எழுதிய சுவடியில் இருக்கிறது. அதாவது கிரகோரியாருக்கு நானூறு வருடம் கழித்து.

இன்னொன்றும் பாருங்கள். 8, 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த திருப்பலிப் பாடல் சுவடிகள் ஆறு கிடைத்திருக்கின்றன. ஆறிலும் பாட்டின் வார்த்தை மட்டும்தான், மெட்டுக்கு ஒரு குறிகூட இல்லை. வருடம் முழுவதற்குமான பாடல்களை அந்தப் பாடகர்கள் மனப்பாடமாகத்தான் பாடியிருக்கிறார்கள். குறிகள் 9ஆம் நூற்றாண்டில்தான் தலைகாட்டுகின்றன.

மாலைமணி, நீங்கள் பார்த்தது சாங்க்ட் காலன் 359ஆம் எண் சுவடியாக இருக்கலாம். 920களில் எழுதியது, ஒடுங்கி நீண்ட சுவடி, தனியாகப் பாடுபவர் கையில் பிடிக்க வசதியானது. அதில் ஓர் அசைக்கு ஒரே சுரம் வந்தால், உயர்ந்த சுரத்துக்கு நின்ற கோல் போல ஒரு கீறல், தாழ்ந்ததற்குப் படுத்த சின்னக் கோடு. ஒரே அசையில் கீழிருந்து மேலே போகும் இரண்டு சுரத்துக்கு ஒரு குறி, மேலிருந்து கீழே வருவதற்கு வேறொரு குறி. குரல் போகும் திசை தெரியும். எவ்வளவு தூரம் போகிறது என்பது தெரியாது. ச-வில் இருந்து ரி-க்குப் போனாலும் ப-வுக்குத் தாவினாலும் ஏறும் குறி ஒன்றுதான். கிறிஸ்துமஸ் பகல் திருப்பலியின் வருகைப் பாடலான 'புவேர் நாத்துஸ்' தொடங்கும்போதே ச-ப மாதிரி ஒரு தாவல் உண்டு. அந்தப் பாட்டை ஏற்கெனவே கேட்டவருக்குத்தான் அந்தத் தாவல் தெரியும், சுவடி அதைச் சொல்லாது. அதனால் இந்தக் குறி பாட்டு தெரிந்தவருக்கு நினைவூட்ட மட்டுமே. மெட்டை அதற்குள் வைத்துப் பூட்ட முடியாது.

பனையோலை:
ஆல்டோ அக்கா, ஒரு இடத்தில் நான் உடன்பட மாட்டேன். எழுதவே முடியாது என்று இசிதோர் சொன்னது அவர் அறிந்த அளவுக்குத்தான். எகிப்தில் ஒக்ஸிரிங்கஸ் என்ற இடத்தில் ஒரு பாப்பிரஸ் கிடைத்து 1922இல் வெளியானது. 3ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதி. ஒரு பக்கம் தானியக் கணக்கு, மறுபக்கம் தந்தை, மகன், தூய ஆவியைப் புகழும் கிரேக்கப் பாட்டு, வார்த்தைகளுக்கு மேல் எழுத்துகளால் சுரம். அதைப் பார்த்து இன்று நாம் மெட்டைப் பாடலாம். அதாவது கிறிஸ்தவர் ஒருவர் சுரத்தின் உயரத்தையே எழுதிவைத்துவிட்டார், உங்கள் சாங்க்ட் காலனுக்கு அறுநூறு வருடம் முன்பே.

அப்புறம், குறி வெறும் நினைவூட்டல் என்றால் இன்னொன்றுக்கும் பதில் வேண்டும். சாங்க்ட் காலனிலும், பிரான்சின் லாஓன் நகரச் சுவடியிலும் (239ஆம் எண், சுமார் 930) குறிகளின் வடிவமே வேறு. ஆனால் ஒரே பாட்டை எடுத்து அசை அசையாக ஒப்பிட்டால் எத்தனை சுரம், எங்கே ஏற்றம், எங்கே இறக்கம் என்பது பெரும்பாலும் பொருந்துகிறது. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருந்த இரண்டு இடங்கள். வெறும் நினைவில் இது சாத்தியமா? இசை வரலாற்றாய்வாளர் கென்னத் லெவி 1987இல் கேட்டது இதைத்தான். பிராங்கியப் பேரரசர் சார்லமேன் காலத்திலேயே, 800ஐ ஒட்டி, குறிபோட்ட ஒரு மூலச் சுவடி இருந்திருக்க வேண்டும் என்றார்.

கீர்த்தனைக்காரர்:
நான் சர்ச்சில் முப்பது வருடமாகப் பாடகர் குழு நடத்துகிறேன். கேள்வி கோடு போட்ட இசைக்குறிப்பைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரலாமா என்பதுதானே? கட்டாயம் சொல்லித்தர வேண்டும். எங்கள் கீர்த்தனைப் புத்தகத்தில் பாட்டின் தலையில் ராகமும் தாளமும் மட்டும்தான் இருக்கும். என் அப்பா பாடிய மெட்டு ஒன்று, பக்கத்து ஊரில் அதே பாட்டுக்கு வேறொரு மெட்டு. இரண்டு பேரும் அதே ராகப் பெயரைத்தான் காட்டுவோம். போன வருடம் இரண்டு குழுவும் சேர்ந்து பாடியபோது அனுபல்லவியில் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டோம். அன்று அழுகையே வந்துவிட்டது.

ஆல்டோ அக்கா:
அண்ணா, கேள்வி பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவது பற்றி அல்ல. ஆனால் உங்கள் அனுபவம் இந்த விவாதத்துக்கு நேராகவே உதவுகிறது. ராகப் பெயர் பார்த்ததும் உங்களுக்கு அப்பாவின் குரல் வருகிறது. அந்தக் குரலைக் கேட்காதவருக்கு அந்தப் பெயரிலிருந்து உங்கள் மெட்டு வராது. 359ஆம் சுவடியின் கொக்கிகள் ராகப் பெயரைவிட நிறையவே சொல்கின்றன, இருந்தாலும் அதே வகையைச் சேர்ந்தவை.

பனையோலை, பாப்பிரஸை ஏற்கிறேன். ஆனால் அந்தக் கிரேக்க எழுத்துமுறை சர்ச்சுக்குள் தொடரவில்லை. 9ஆம் நூற்றாண்டுத் துறவிகள் அதிலிருந்து வளர்த்தெடுக்கவில்லை, வேறு வேரிலிருந்து புதிதாக ஆரம்பித்தார்கள்.

கொக்கிகள் தனியாக மெட்டைக் காப்பாற்றுமா என்பதற்கு ஸ்பெயினில் ஒரு சோதனை நடந்தே முடிந்தது. அங்கே பழைய ஸ்பானிய வழிபாட்டுமுறை தனியாக இருந்தது. லேஓன் பேராலயத்தில் இருக்கும் 10ஆம் நூற்றாண்டுச் சுவடியில் அதன் பாடல்கள் அழகாக, முழுமையாக, குறிகளோடு உள்ளன. 1080ஐ ஒட்டி ரோமானிய வழிபாட்டை ஏற்கச் செய்ததும் அந்தப் பாடல்களைப் பாடுபவர்கள் படிப்படியாக இல்லாமல் போனார்கள். இன்று சுவடி இருக்கிறது, குறி இருக்கிறது, ஆயிரக்கணக்கான பாடல்கள் பாட முடியாமல் கிடக்கின்றன. மீண்டவை இருபது சொச்சம்தான். அதிலும் பல, சான் மில்யான் மடத்துச் சுவடி ஒன்றில் யாரோ பழைய குறியைச் சுரண்டி எடுத்துவிட்டு, அதே இடத்தில் உயரம் தெரியும் புதுக் குறியை எழுதியதால் பிழைத்தவை. அந்த ஆள் பாட்டைத் தெரிந்தவராக இருந்திருக்க வேண்டும். சுரண்டிய தோல்மேல் அவர் கை வேலை செய்வதை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு கனக்கிறது.

தெற்குத்தெரு:
கிரகோரியார் விஷயத்தில் நான் தவறு, ஏற்கிறேன். ஆனால் குயிதோவாவது காப்பாற்றத்தானே கோடு போட்டார்?

பனையோலை:
அவர் எழுதியதைப் பார்த்தால் கவலை வேறு. பாடகர்கள் நூறு வருடம் தினமும் பாடினாலும் ஆசான் இல்லாமல் ஒரு சின்னப் பாட்டைக்கூடச் சொந்தமாகப் பாட மாட்டார்கள் என்பதுதான் அவருடைய குறை. மைக்கேல் என்ற துறவிக்கு எழுதிய கடிதத்தில், போப் 19ஆம் யோவான் தன் புத்தகத்தைப் புரட்டி, அதுவரை கேட்டிராத ஒரு வரியை இருக்கையைவிட்டு எழும்முன்பே கற்றுக்கொண்டார் என்று மகிழ்ச்சியோடு சொல்கிறார். நோக்கம் கேட்காத பாட்டைப் பாடவைப்பது. மெட்டு பிழைத்தது அதன் கூடவே வந்த பலன்.

ஆல்டோ அக்கா:
இதில் உங்களோடு ஒத்துப்போகிறேன். அவர் செய்த வேலையின் நுட்பத்தையும் சொல்லிவிடுகிறேன். வெறுமனே கோடு போடவில்லை அவர். சங்கராபரணத்தில் க-ம, நி-ச இரண்டும் நெருங்கியிருக்கும் அல்லவா? அந்த நெருக்கம் எங்கே என்று கண்ணுக்குத் தெரிந்தால் பாடகர் தடுமாற மாட்டார். அதனால் நம் கணக்கில் ம இருக்கும் கோட்டைச் சிவப்பாகவும் ச இருக்கும் கோட்டை மஞ்சளாகவும் போட்டார். நிறக் கோட்டுக்கு உடனே கீழே இருப்பது அரைச்சுர இடைவெளி, முடிந்தது.

ஆனால் ஒன்று போனது. 359இல் இறங்கும் குறியின் தலையில் 'c' என்று இருந்தால் விரைந்து பாடு, 't' இருந்தால் பிடித்துப் பாடு. தலையில் சின்னக் கீறல் இருந்தாலும் நிதானம். கோட்டில் ஏறிய சதுரக் குறிகளில் இந்த மூன்றும் ஒரே மாதிரி ஆகிவிட்டன. உயரம் கிடைத்தது, நடை போனது. 1979இல் பிரான்சின் சொலேம் மடம் வெளியிட்ட பாடல் நூலில் சதுரக் குறிக்கு மேலே லாஓன் குறியைக் கறுப்பிலும் கீழே சாங்க்ட் காலன் குறியைச் சிவப்பிலும் சேர்த்துப் போட்டது அதற்காகத்தான்.

பனையோலை:
அப்படியானால் கொக்கிகளை வெறும் நினைவூட்டல் என்று தள்ளாதீர்கள் அக்கா. கோடு இழந்ததை அவைதான் ஆயிரம் வருடம் வைத்திருந்தன.

ஆல்டோ அக்கா:
நியாயம். 'மட்டுமே' என்று நான் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். ஆனால் 800ஐ ஒட்டிய மூலச் சுவடியை நான் ஏற்கவில்லை. அப்படி ஒரு ஏடுகூடக் கையில் இல்லை. தினமும் மணிக்கணக்கில் சேர்ந்து பாடிய மடங்களின் நினைவு அந்த ஒற்றுமையைத் தாங்கியிருக்கும் என்பது என் கட்சி.

பனையோலை:
ஏடு கிடைக்கவில்லை என்பதால் இருந்ததே இல்லை என்று ஆகாது. இதை விட மாட்டேன்.

மாலைமணி:
பழைய சுவடிகளின் படங்கள் இருக்கும் e-codices இணையதளத்தில் 359ஐத் திறந்து பார்த்தேன். நான் பார்த்த படம் அதுவேதான். முதலில் பூச்சி மாதிரித் தெரிந்தவற்றில் இப்போது 'c' எங்கே, 't' எங்கே என்று தேடிக்கொண்டிருக்கிறேன். ஒரு பக்கத்தில் 'e' என்றும் ஒன்று வருகிறதே, அது என்ன அக்கா?

ஆல்டோ அக்கா:
முந்தின சுரத்தின் அதே உயரத்தில் நில் என்று. பாருங்கள், உயரம் தெரியவில்லை என்ற குறை அவர்களுக்கே இருந்திருக்கிறது.

கீர்த்தனைக்காரர்:
அப்பாவின் மெட்டைச் சுரம் போட்டு எழுத இன்று உட்காருகிறேன். இழுக்கும் இடத்துக்கு மேலே ஒரு 'இ' போட்டுக்கொள்கிறேன்.