வீட்டுக்கே போய் முதியவர்களுக்கு முடி வெட்டுகிறவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

முதல்சீப்பு:
சின்னதாக ஒரு சலூன் நடத்துகிறேன். பழைய வாடிக்கையாளர்கள் பலருக்கு இப்போது படியேற முடியவில்லை. "அப்பாவுக்கு வீட்டிலேயே வந்து வெட்டிவிட முடியுமா?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். ஆத்திர அவசரத்துக்கு ஒருமுறை போய் வருவது வேறு, இதையே தனி வேலையாக எடுத்துச் செய்வது வேறு. கட்டணத்தை எப்படிக் கணக்குப் போடுவது, எந்த நேரத்தில் போவது, உடம்புக்கு முடியாதவரிடம் எதில் கவனமாக இருக்க வேண்டும்? செய்து பார்த்தவர்கள் எழுதுங்கள்.

கத்தரிக்கை:
இதில் யோசிக்க என்ன இருக்கிறது? கடையில் வாங்குவதைப் போல இரண்டு மடங்கு சொல்லுங்கள். கால் நகத்தையும் சும்மாவே வெட்டிவிடுங்கள், குனிய முடியாதவர்களுக்கு அதுதான் பெரிய உதவி. நான் அப்படித்தான் செய்கிறேன், யாரும் முகம் சுளித்ததில்லை.

நடமாடும்நாற்காலி:
நான் கடையை மூடிவிட்டு முழுநேரமாக இதைத்தான் செய்கிறேன். இரண்டு மடங்கு என்பது கேட்க நன்றாக இருக்கும், கணக்கில் இடிக்கும். கடையில் ஒரு தலைக்கு அரை மணி நேரம் என்று வையுங்கள். வீட்டுக்குப் போக 20 நிமிடம், திரும்ப 20. துணி விரித்து நாற்காலி போட 10. வயதானவருக்கு வெட்ட 40, ஏனென்றால் நடுவில் நிறுத்தி நிறுத்தித்தான் வெட்ட முடியும். கூட்டித் துடைத்துக் கிளம்ப 10. மொத்தம் 100 நிமிடம், அதாவது கடையில் மூன்று தலைக்கு மேல். இரண்டு மடங்கு வாங்கினால் ஒவ்வொரு வீட்டிலும் கைக்காசு போடுகிறீர்கள் என்று அர்த்தம்.

அதற்காக மூன்றரை மடங்கு சொன்னால் கூப்பிட மாட்டார்கள். நான் கட்டணத்தை இரண்டாகப் பிரித்துவிட்டேன். வெட்டும் கூலி தனி, வீட்டுக்கு வரும் கூலி தனி. ஒரே வீட்டில் கணவன் மனைவி இருவருக்கும் என்றால் வரும் கூலி ஒன்றுதான். ஒரே தெருவில் மூன்று வீடு ஒரே காலையில் அமைந்தால் வரும் கூலியை மூவரும் பங்கு போட்டுக்கொள்ளலாம். இதைச் சொன்னதும் அக்கம்பக்கத்தில் அவர்களே ஆள் சேர்த்துவிடுகிறார்கள்.

பிரித்ததில் இன்னொரு நன்மையும் உண்டு. வரும் கூலியைப் பிள்ளைகள் முன்பே அனுப்பிவிடுவார்கள். வெட்டும் கூலி கடை விலைதான், அதைப் பெரியவர் தன் கையால் கொடுப்பார். முடி வெட்டினால் தானே காசு கொடுத்துப் பழகியவர்கள் அவர்கள். அவர் எதிரில் பெரிய தொகையைப் பேசினால், "எனக்கு எதுக்கு இவ்வளவு செலவு, வேண்டாம்" என்று அடுத்த முறையே நிறுத்திவிடுவார்.

நகத்துக்கு மட்டும் என் பதில்: வேண்டாம். சர்க்கரை நோய் உள்ளவருக்குக் காலில் உணர்ச்சி குறைந்திருக்கலாம். சதையில் கத்தரி பட்டாலும் அவருக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. காயம் ஆறாமல் போனால் எங்கே கொண்டுபோய் விடும் என்று சொல்ல வேண்டியதில்லை. கைநகம் சரி. கால்நகத்தைப் பாதம் பார்க்கப் பயிற்சி உள்ளவரிடம் விட்டுவிடுங்கள்.

முதல்சீப்பு:
பிரித்து வாங்குவது எனக்குத் தோன்றவே இல்லை ஐயா. நேரம் எப்படி முடிவு செய்கிறீர்கள்? ஒரு வீட்டை எடுத்துக்கொண்டு முதலிலிருந்து சொன்னால் நன்றாக இருக்கும்.

நடமாடும்நாற்காலி:
சொல்கிறேன். எண்பது தாண்டிய ஒரு பெரியவர், பார்க்கின்சன் நோய், தலையும் கையும் நடுங்கும். மகள்தான் போனில் பேசினார். நான் எப்போதும் கேட்கிற கேள்விகளைக் கேட்டேன். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை உண்டா? எவ்வளவு நேரம் உட்கார முடியும்? காதில் கருவி வைத்திருக்கிறாரா? ஆக்ஸிஜன் உண்டா? தோலில் புண், அரிப்பு? நான் வரும்போது வீட்டில் யார் இருப்பார்கள்? ஐந்து நிமிடப் பேச்சுதான். ஆனால் பையில் எதை எடுத்துவைப்பது என்பதே இதில்தான் முடிவாகும்.

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுக்கிறார் என்றார். அப்படியென்றால் கத்தியோ ரேஸரோ கிடையாது, டிரிம்மர் மட்டும்தான். நமக்குச் சின்னக் கீறல், அவருக்கு நிற்காமல் கசியும். நடுக்க மாத்திரை எத்தனை மணிக்கு என்றும் கேட்டேன். அந்த மாத்திரை வேலை செய்கிற நேரத்தில் உடம்பு தளர்ந்து நடுக்கம் குறையும், அடுத்த வேளை நெருங்க நெருங்க மறுபடி இறுகும். எந்த நேரத்தில் நன்றாக இருப்பார் என்று வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியும். மாத்திரை போட்டு ஒரு மணி நேரத்தில் நன்றாக இருப்பார் என்று மகள் சொன்னார், அந்த நேரத்தைத்தான் குறித்தேன். குளியலுக்கு முன்னால் முடிகிற மாதிரி வைத்துக்கொண்டால், கழுத்தில் குத்துகிற முடியைக் குளியல் பார்த்துக்கொள்ளும். சாப்பிட்ட உடனே வேண்டாம், சிலருக்கு அப்போது ரத்த அழுத்தம் இறங்கும்.

நாற்காலிக்குக் கைப்பிடி இருக்க வேண்டும், சக்கரம் இருக்கக் கூடாது, பாதம் தரையில் பட வேண்டும். படுக்கையிலிருந்து எழுப்பியதும் நாற்காலிக்குக் கூட்டிப்போகக் கூடாது. கட்டில் ஓரத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கட்டும், கண் இருட்டவில்லை என்றால்தான் அடுத்தது.

தலை நடுங்கும்போது தலையை அழுத்திப் பிடிக்கத் தோன்றும். பிடித்தால் அவர் பதறுவார், நடுக்கம் கூடும். டிரிம்மர் பிடித்த கையின் சுண்டு விரலை அவர் தலைமேல் லேசாக ஊன்றிக்கொள்ளுங்கள். தலை அசையும்போது உங்கள் கையும் சேர்ந்தே அசையும், படகில் உட்கார்ந்தவனுக்குப் படகு ஆடுவது உறைக்காத மாதிரி. கன்னத்தில் தொங்கும் தோலை இன்னொரு கையால் மேலே இழுத்துப் பிடித்துத்தான் ஓட்ட வேண்டும், மடிப்பில் மாட்டினால் கிழியும். பிளேடு சூடேறுகிறதா என்று அவ்வப்போது உங்கள் மணிக்கட்டில் வைத்துப் பாருங்கள்.

முதலில் தலை முழுக்க ஒரே அளவில் ஒரு சுற்று ஓட்டிவிடுவேன். அதற்கு அப்புறம்தான் காது ஓரம், பிடரி எல்லாம். எந்த நிமிடம் "போதும்பா" என்றாலும் பார்க்கிற மாதிரி இருக்க வேண்டும். ஒரு பக்கத்தை அழகாக முடித்துவிட்டு மறுபக்கத்துக்கு வருகிற கடைப் பழக்கம் இங்கே ஆகாது.

மகள் என்னிடம், "ஒட்ட வெட்டிருங்க, எங்களுக்குப் பார்த்துக்கச் சுலபம்" என்றார். நான் பெரியவர் முன்னால் உட்கார்ந்து, "ஐயா, எப்படி வெட்டட்டும்?" என்று கேட்டேன். பதில் வர நேரமானது. "இடது வகிடு" என்றார். இடது வகிடுதான் எடுத்தேன்.

கூடத்துஊஞ்சல்:
இங்கே விவரம் தெரிந்தவர்கள் இருப்பதால் கேட்கிறேன். என் அம்மாவுக்கு ஞாபகமறதி. இரவில் தங்கிப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், நீங்கள் யாராவது வருவீர்களா? போன முறை முடி வெட்ட வந்த பெண் கண்ணாடியைக் காட்டியதும், "யாருடி அந்தக் கிழவி?" என்று அம்மா கத்திவிட்டார். அதிலிருந்து கத்தரியைப் பார்த்தாலே பயம்.

ஜடைப்பின்னல்:
இது முடி வெட்டுகிறவர்களின் பேச்சு அக்கா, இரவுத் துணைக்கு வேறு இடத்தில்தான் கேட்க வேண்டும். கண்ணாடி விஷயம் மட்டும் சொல்கிறேன். மறதி முற்றியவர்களுக்குத் தன் முகமே வேற்று முகமாகத் தெரியும். அறையில் கண்ணாடி இருந்தால் நான் துணி போட்டு மூடிவிடுவேன். முதல் நாள் வெறும் சீப்பால் வாரிவிட்டு வந்துவிடுங்கள் என்று வருகிறவரிடம் சொல்லுங்கள். பிற்பகலுக்கு மேல் வரச் சொல்லாதீர்கள், பொழுது சாயும்போது பலருக்குக் குழப்பம் கூடும். முகத்தைத் திருப்பிக்கொண்டால் அன்றைக்கு அவ்வளவுதான், கையைப் பிடித்து வெட்டக் கூடாது.

நான் பெண்களுக்கு மட்டும் போகிறேன். படுத்தே இருக்கிறவர்களுக்குப் பின்தலை முடி சடையாகக் கட்டிக்கொள்ளும். வீட்டார் "வெட்டி எறிஞ்சிருங்க" என்பார்கள். அந்த அம்மாவிடம் கேட்காமல் வெட்ட மாட்டேன். வேர்ப்பக்கம் ஒரு கையால் இறுகப் பிடித்துக்கொண்டு, நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்தால் இழுப்பது தெரியாது. ஒரே நாளில் முடியாது. பிரிக்கும்போது தோலைப் பாருங்கள். ஒரே பக்கம் படுத்துப் படுத்து அடியில் புண் வந்திருக்கும், வீட்டில் யாருக்கும் தெரிந்திருக்காது.

அலசும்போது கழுத்தைப் பின்னால் சாய்த்துத் தொட்டி விளிம்பில் வைக்காதீர்கள். பார்லரில் அப்படிச் சாய்த்ததால் பக்கவாதம் வந்த பெண்களைப் பற்றி 1993இல் ஓர் அமெரிக்க நரம்பியல் மருத்துவர் எழுதியிருக்கிறார். அபூர்வம்தான். ஆனாலும் வயதான கழுத்தில் அந்தப் பரீட்சை எதற்கு? முன்னால் குனிய வைத்தோ, படுக்கையில் காற்றடைத்த தொட்டி வைத்தோ அலசலாம்.

என் பாதுகாப்புக்கு: முதல் தடவை வீட்டார் ஒருவர் இல்லாமல் உள்ளே போக மாட்டேன். போகும் முகவரியும் வெளியே வரும் நேரமும் என் தங்கைக்குத் தெரியும். சீப்போ துண்டோ எதுவும் அவர்கள் அலமாரியிலிருந்து எடுக்க மாட்டேன். மறதி உள்ளவர்கள் வளையலைக் காணோம் என்றால் முதலில் நம் பெயர்தான் வரும். அதனால்தான் மறதி உள்ளவர் கையிலிருந்து பணமும் வாங்குவதில்லை.

நடமாடும்நாற்காலி:
அங்கே எனக்கு ஒத்துவரவில்லை அம்மா. கொடுக்கிற கையைத் தட்டினால் மனசு வாடிவிடும். நான் வாங்கிக்கொண்டு, அங்கேயே மகனுக்குச் செய்தி அனுப்பிவிடுகிறேன்.

ஜடைப்பின்னல்:
மகன் வெளியூரில் இருந்து, பக்கத்தில் இருப்பது மருமகள் என்றால் அந்தச் செய்தி எப்படிப் போகும் என்று பார்த்திருக்கிறேன். நான் வாங்க மாட்டேன்.

கத்தரிக்கை:
கால்நகம் பற்றிச் சொன்னது சரி, இனிமேல் கேட்டுவிட்டுத்தான் தொடுவேன். கட்டணத்தில் மட்டும் நான் மாறுவதாக இல்லை. பங்கு போட அக்கம்பக்கம் இல்லாத தனி வீட்டுக்காரர் என்ன செய்வார்? இரண்டு மடங்கே அவருக்குப் பாரம். அப்புறம், கருவிகளுக்குக் கிருமிநாசினி அடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகிறேன், அது போதும்தானே?

நடமாடும்நாற்காலி:
தனி வீட்டுக்கு என்னிடமும் நல்ல வழி இல்லை. வேறு வீட்டுக்குப் போகிற வழியில் இருந்தால் எடுக்கிறேன், இல்லையென்றால் எடுப்பதில்லை. கிருமிநாசினி, முடித்துகளைத் தூரிகையால் முழுக்கத் தட்டிய பிறகு அடித்தால்தான் வேலை செய்யும். குப்பியில் எழுதியிருக்கும் நேரம் வரை ஈரமாக இருக்கவும் வேண்டும். வீட்டுக்கு வீடு அவ்வளவு நேரம் கிடைக்காது, அதனால் நான் இரண்டு செட் வைத்திருக்கிறேன். மணிக்கட்டிலும் விரலிடுக்கிலும் அரிப்புத் தடிப்பு தெரிந்தால் அன்று வெட்டாமல் மருத்துவரைப் பார்க்கச் சொல்லிவிடுங்கள். சொறி என்றால் அடுத்த வீட்டுக்கு நீங்களே சுமந்து போவீர்கள்.

முதல்சீப்பு:
ஆக்ஸிஜன் பற்றிக் கேட்க வேண்டும் என்றீர்களே, இருந்தால் போகக் கூடாதா?

நடமாடும்நாற்காலி:
போகலாம். மூக்கில் குழாய் ஓடும்போது டிரிம்மர், டிரையர், ஸ்ப்ரே மூன்றும் பையிலேயே இருக்கட்டும், தீப்பற்றும். கத்தரியும் சீப்பும் போதும். குழாய் காதுக்குப் பின்னால் போகும், கத்தரி அங்கே வரும்போது இடது விரலைக் குழாய்மேல் வைத்துக்கொண்டு வெட்டுங்கள். காதுக் கருவி இருந்தால் முதலிலேயே கழற்றி ஒரு டப்பாவில் போட்டு, டப்பாவை அவர் மடியில் வையுங்கள். கழற்றிய பிறகு பேசினால் கேட்காது, கேட்க வேண்டியதை எல்லாம் முன்பே கேட்டுவிடுங்கள்.

முதல்சீப்பு:
சரி ஐயா. வாரத்தில் ஒரு நாள் காலை மட்டும், இரண்டு வீட்டோடு ஆரம்பிக்கிறேன். கிளம்பும் நேரத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டோம் என்று சொன்னால் வரும் கூலியைத் திருப்பித் தர வேண்டுமா?

ஜடைப்பின்னல்:
ஆஸ்பத்திரி என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மறந்து வெளியே போய்விட்டார்கள் என்றால் பாதி. முந்தின நாள் சாயங்காலம் ஒரு போன் போட்டுவிட்டால் இரண்டாவது அநேகமாக வராது.