தீபாவளி ஓவர்டைமும் ஒரு கட்டைவிரல் படமும்

கல்லடித் தம்பி:
மட்டக்களப்பில் புடவைக் கடைக் களஞ்சியம் ஒன்றில் வேலை. தீபாவளிக்கு முந்திய கிழமை எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. சம்பளச் சிட்டையில் ஓவர்டைம் என்ற இடத்தில் சுழி. கணக்குப் பிரிவு அக்காவுக்கு, "எத்தனை இரவு நின்றோம், ஒரு சதமும் சேரவில்லை, இது நியாயமா?" என்று எழுதினேன். கட்டைவிரல் படம் ஒன்று வந்தது. இரண்டு கிழமை அவ்வளவுதான். பிறகு இப்படி அனுப்பினேன்:

"அக்கா, 2025 ஒக்டோபர் சம்பளத்தில் சேராத மேலதிக நேரம்:
2025.10.14 செவ்வாய், மாலை 6.00–9.00, 3 மணி, லொறிச் சரக்கு இறக்கியது.
2025.10.16 வியாழன், 6.00–9.30, 3½ மணி, விலைச்சீட்டு ஒட்டியது.
2025.10.17 வெள்ளி, 6.00–8.30, 2½ மணி, இருப்பு எண்ணியது.
மொத்தம் 9 மணி. மாதச் சம்பளம் 48,000 ÷ 240 = மணிக்கு 200; ஒன்றரை மடங்கு 300; 9 மணிக்கு 2,700 ரூபாய். நவம்பர் சம்பளத்தில் சேருமா என்று 20ஆம் திகதிக்கு முன் அறியத் தாருங்கள்."

பத்து நிமிடத்தில் அழைத்தார். "தம்பி, 16ஆம் திகதி நீங்கள் வெளியேறியது 9.00 என்றுதானே கைரேகை இயந்திரம் காட்டுகிறது?" கைரேகை வைத்துவிட்டுப் படியிறங்கியவனை முதலாளி திரும்பக் கூப்பிட்டுப் பெட்டி ஏற்றவைத்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. 2,550 கிடைத்தது. அந்த 150 இன்னும் உறுத்துகிறது.

சம்மாந்துறை அக்கா:
240 பிழை. 200ஆல் பிரிக்க வேண்டும். எங்கள் ஆடைத் தொழிற்சாலையில் அப்படித்தான். 150க்கு அழுகிறீர்கள், 540 ரூபாயை விட்டுவிட்டீர்கள்!

கல்முனைக் கணக்கர்:
தங்கச்சி, உங்கள் தொழிற்சாலை சம்பளச் சபையின் கீழ் வருவது, அதனால் 200. தம்பியுடையது கடை. கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி 240தான். 200 என்று போட்டிருந்தால் அந்த ஓர் இலக்கத்தைக் காட்டியே முழுவதையும் பிற்போட்டிருப்பார்கள். நானும் அந்தக் கதிரையில் இருந்து பிற்போட்டவன்தான். மாதக் கடைசியில் "எத்தனை இரவு" என்பதை எந்தக் கட்டத்தில் நிரப்புவது? திகதி இருந்தால் பதிவேட்டில் அந்த வரியில் விரலை வைத்துவிடலாம். கேட்காமலே இன்னொன்றும் சொல்கிறேன்: கிழமைக்கு 12 மணிக்கு மேல் ஓவர்டைம் வாங்கச் சட்டம் இடம் தராது. அதற்குப் பயந்து, கூடிய மணிகளை அடுத்த கிழமைத் திகதியில் எழுதிவிடாதீர்கள். கைரேகையோடு ஒரு வரி ஒத்துவராவிட்டால் மற்ற வரிகளையும் சந்தேகிப்பார்கள்.

பாசிக்குடா ஊழியன்:
எங்கள் ஹோட்டலில் சேவைக் கட்டணப் பங்குதான் குறைகிறது. அதற்கும் இப்படி எழுதலாமா?

சம்மாந்துறை அக்கா:
அது வேறு கதை. தம்பி, அந்த அரை மணியை விடாதீர்கள். பெட்டி ஏற்றிய வாகனத்தின் சிட்டையில் நேரம் இருக்குமே?

கல்லடித் தம்பி:
பார்த்தேன் அக்கா. கையால் எழுதிய சிட்டை. திகதி மட்டும்தான் இருக்கிறது.