[கலைச்சொல்] உள்வட்ட மையமா, உள்மையமா? அந்தப் பெருக்குற எண்ணுக்கு என்ன பேரு?

முத்து எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். முக்கோணத்தோட மூணு உச்சிக்கும் ஆயத்தொலைகளைக் குடுத்தா, உள்ளுக்குள்ள மூணு பக்கத்தையும் தொட்டுட்டு நிக்கிற வட்டத்தோட மையத்தையும் ஆரத்தையும் தர்ற ஃபங்ஷன் ஒண்ணுக்கு தமிழ்ல குறிப்பு எழுதிட்டு இருக்கேன். ரெண்டு இடத்துல சொல் வேணும். பாடப்புத்தகத்துல இருக்கிற உள்வட்ட மையத்தை உள்மையம்னு சுருக்கலாமா, இது ஒண்ணு. ஒவ்வொரு உச்சியையும் ஒரு நீளத்தால பெருக்கி, எல்லாத்தையும் கூட்டி, சுற்றளவால வகுக்குறோம்ல, அந்தப் பெருக்குற நீளத்துக்கு பேரு என்ன, இது இன்னொண்ணு. இப்போதைக்கு எடைன்னு போட்டிருக்கேன்.

```python
from math import hypot

def incircle(ax, ay, bx, by, cx, cy):
    a = hypot(bx-cx, by-cy)
    b = hypot(cx-ax, cy-ay)
    c = hypot(ax-bx, ay-by)
    p = a + b + c
    k = abs((bx-ax)*(cy-ay) - (cx-ax)*(by-ay))
    return (a*ax+b*bx+c*cx)/p, (a*ay+b*by+c*cy)/p, k/p
```

k-ங்கிறது பரப்பளவு மாதிரி ரெண்டு மடங்கு, அதான் நேரா சுற்றளவால வகுத்தாலே ஆரம் வந்துருது. abs இல்லன்னா உச்சிகளை கடிகாரச் சுத்துல குடுக்கும்போது ஆரம் மைனஸ்ல வரும்.

குறிப்புல குடுத்திருக்கிற உதாரணம் A(0,0), B(14,0), C(5,12). BC 15, CA 13, AB 14, சுற்றளவு 42. மையம் (6,4), ஆரம் 4.

பிரபு எழுதியது:

முத்து அண்ணா, இவ்ளோ சுத்த வேணாம்னு தோணுது. மூணு உச்சியோட சராசரி எடுத்தாலே நடுவுல ஒரு புள்ளி வருதே, உங்க உதாரணத்துலயே போட்டுப் பார்த்தேன், (6.33, 4) வருது, உயரம் 4 அப்படியே இருக்கு. x-ல கொஞ்சம் தள்ளியிருக்கு அவ்ளோதான். பேரும் சும்மா மையம்னு வச்சிடலாம்.

செல்வி எழுதியது:

பிரபு தம்பி, அந்த 4 இந்த முக்கோணத்துல மட்டும் நடக்குற பொருத்தம். நீ எடுத்தது நடுக்கோட்டு மையம், அது எந்தப் பக்கத்துலேர்ந்து பார்த்தாலும் உயரத்துல மூணுல ஒரு பங்குல இருக்கும். இங்க AB 14, அது 13, 14, 15 மூணுக்கும் சராசரியா அமைஞ்சுபோச்சு, அதனாலதான் AB-லேர்ந்து தூரம் ஆரத்தோட ஒத்துப்போகுது. மத்த ரெண்டு பக்கத்தையும் அளந்து பாரு, BC-க்கு 3.73, CA-க்கு 4.31 வரும். 4 ஆரத்துல அங்க வட்டம் போட்டா BC-யை வெட்டிட்டு வெளிய போயிரும். (6,4)-லேர்ந்து மூணு பக்கத்துக்கும் சரியா 4. ஃபங்ஷன் சரியா எழுதியிருக்கான்னு பார்க்க இந்த மூணு தூரத்தையும் ஒப்பிட்டாலே போதும், ஒரு பக்கத்தை மட்டும் பார்த்தா இப்படித்தான் ஏமாத்தும்.

அதே காரணத்துக்காகத்தான் உள்மையம் வேணாங்கிறேன். நடுக்கோட்டு மையமும் எப்பவும் உள்ளதான் இருக்கு, அதையும் ஒருத்தர் உள்மையம்னு நினைச்சுக்குவாங்க. உள்வட்ட மையம்னு வட்டத்தைச் சேர்த்தே சொல்லுங்க, நீளமா இருந்தா இருக்கட்டும். எடைக்கு முன்னாடி 'எதிர்ப்பக்க'ன்னு கட்டாயம் சேருங்க, ஏன்னா A-க்கு BC-யோட நீளம்தான் வரணும், A-யை ஒட்டின பக்கத்தைப் போட்டுட்டு எங்க தப்புன்னு தேடுற பசங்களை நான் நிறைய பார்த்துட்டேன்.

சிவகுமார் எழுதியது:

வணக்கம், திருச்சி பக்கம் எங்க இடம் மூணு மூலையா இருக்கு, அதுல எவ்வளவு பெரிய வட்டத் தொட்டி கட்டலாம்னு பார்க்கணும். மூணு கல்லும் வட்டத்து மேல வர்ற மாதிரிதானே இது? போன் ஜிபிஎஸ்ல டிகிரி எடுத்து உங்க கோட்ல போட்டேன், ஆரம் 0.0000 ன்னு என்னமோ வருது.

செல்வி எழுதியது:

சிவகுமார் சார், மூணு கல்லு வழியா போறது சுற்றுவட்டம், அது இடத்துக்கு வெளிய போயிரும். உங்களுக்கு வேண்டியது பக்கங்களைத் தொடுற உள்வட்டம்தான், மூணு மூலை இடத்துக்குள்ள அதைவிடப் பெரிய வட்டம் அடங்காது. டிகிரியைப் போட்டா ஆரமும் டிகிரியிலதான் வரும். அஞ்சாவது தசம இடமே தரையில ஏறக்குறைய ஒரு மீட்டர், போன் ஜிபிஎஸ் அதைவிட அதிகமா தடுமாறும், அதனால ஆயத்தொலையை விட்டுட்டு டேப் எடுங்க.

முத்துவோட முக்கோணம் உங்க இடம்னு, மீட்டர்ல அளவுன்னு வச்சுக்குவோம். மூணு பக்கம் 13, 14, 15, சுற்றளவுல பாதி 21. A கல்லுலேர்ந்து, அதுக்கு எதிர்ப்பக்கத்தைக் கழிச்சு 21 − 15 = 6 மீட்டர் AB மேல அளந்து ஒரு குச்சி அடிங்க, வட்டம் அங்கதான் தொடும். B-லேர்ந்து 8 அளந்தாலும் அதே குச்சிக்குத்தான் வரணும், வரலன்னா அளவு எங்கயோ தப்பு. ஆரத்துக்கு 6, 7, 8 மூணையும் 21-ஓட பெருக்குங்க, 7056, வர்க்கமூலம் 84 சதுர மீட்டர் பரப்பு, அதை 21-ஆல வகுத்தா 4. குச்சியிலேர்ந்து செங்குத்தா 4 மீட்டர் உள்ள போனா மையம். சுவர் கனம், வரப்பு விட வேண்டிய இடம் எல்லாம் இந்த 4-ல கழிச்சுக்கணும்.

பிரபு எழுதியது:

அக்கா, அப்போ கோட்லயும் இந்த வர்க்கமூல வழியையே போட்டுடலாமே, எப்படியும் நீளம் மூணும் கையில இருக்கு.

முத்து எழுதியது:

நல்லா தடிச்ச முக்கோணத்துக்கு சரி பிரபு. (0,0), (1000,0), (500, 0.000001) போட்டுப் பாரு, சாய்வுப் பக்கம் ரெண்டும் கம்ப்யூட்டர்ல சரியா 500-னு வந்து நின்னுரும், பாதிச் சுற்றளவு 1000, அதுல 1000 போனா சைபர், பரப்பும் சைபர். ஆயத்தொலைகளைக் கழிச்சுப் பெருக்குற k-ல அதே முக்கோணம் 0.001 தருது. ஆயத்தொலை கையில இருக்கும்போது அதை விட்டுட்டு நீளத்துக்குப் போறது நஷ்டம்தான்.

செல்வி அக்கா, எதிர்ப்பக்க எடை எனக்குப் பிடிச்சிருக்கு. ஆனா ஒவ்வொண்ணையும் சுற்றளவால வகுத்துட்டா மூணும் கூட்டி 1 வருது, அப்ப 'பங்கு'ன்னே சொல்லிடலாமே? எதிர்ப்பக்கப் பங்கு. எடைன்னா கிலோ ஞாபகம் வருது, நிறைன்னு மாத்தினாலும் பௌதிகத்துல போய் நிக்குது.

யாழ்ப்பாணத்திலிருந்து ரமணன் எழுதியது:

பங்கு எண்டது நல்ல சொல்தான், ஆனா வெளிய வாற வட்டங்களையும் யோசிச்சனீங்களோ? உங்கட முக்கோணத்தில A-இன்ர 15-ஐ மட்டும் −15 ஆக்கிப் பாருங்கோ, கூட்டுத்தொகை 12, மையம் (21,14), BC-ஐ வெளிப்பக்கத்தால தொடுற வட்டம் அது, ஆரை 14 அலகு. அதே சூத்திரம்தான், ஒரு குறி மட்டும் மாறுது. இதுக்கு நாளைக்கு ஃபங்ஷன் எழுதினா, கழிவில வாற ஒண்டைப் பங்கு எண்டு எப்படிச் சொல்லுறது? எடை எண்டாலும் அதே கரைச்சல்தான். நான் 'எதிர்ப்பக்கக் குணகம்' எண்டு சொல்லுவன், குணகம் கழிவில வந்தா ஒருத்தரும் திடுக்கிடமாட்டினம்.

மற்றது, எங்கட பள்ளிக்கூடப் புத்தகத்தில ஆரை, ஆள்கூறு. நீங்கள் ஆரம், ஆயத்தொலை எண்டு எழுதுறீங்கள். குறிப்பில ரெண்டையும் ஒருக்காலாவது போடுங்கோ, எங்கட பிள்ளையள் தேடினாக் கிடைக்கவேணும்.

முத்து எழுதியது:

ரமணன் அண்ணா, வெளிவட்டத்தை நான் யோசிக்கவே இல்ல, குணகம்தான் தாங்கும் போல. ஆரை, ஆள்கூறு ரெண்டையும் முதல் வரியிலயே சேர்த்துடுறேன். உள்வட்ட மையம் அப்படியே இருக்கட்டும். மூணு உச்சியும் ஒரே கோட்ல இருந்தா இந்த ஃபங்ஷன் எந்த எர்ரரும் காட்டாம கோட்டு மேல ஒரு மையத்தையும் சைபர் ஆரத்தையும் தந்துருது, மூணும் ஒரே புள்ளியா இருந்தாதான் சைபரால வகுத்து நிக்குது. சைபர் ஆரத்தைப் பதிலாவே விடலாமா, இல்ல முக்கோணமே இல்லன்னு சொல்லணுமா? பதிலா விட்டா அந்தப் புள்ளியை உள்வட்ட மையம்னு கூப்பிடலாமா?

செல்வி எழுதியது:

கூப்பிடக் கூடாது. வட்டமே இல்லாத இடத்துல வட்ட மையம் எப்படி வரும்? குணகம் பத்தி எனக்கு இன்னும் முழுசா சம்மதம் இல்ல, பத்தாவது பசங்களுக்கு எடையிட்ட சராசரின்னு சொன்னா புரியுற அளவு குணகம்னு சொன்னா புரியாது. நாளைக்கு வகுப்புல ரெண்டையும் சொல்லிப் பார்த்துட்டு எழுதுறேன்.