மைக்ரோவேவ் ஓடுது, சூடு மட்டும் வரலை: டயோடா, கெப்பாசிட்டரா, மேக்னட்ரானா?

கரிச்சட்டி

20 லிட்டர், 800 வாட். உள்ளே கனமான இரும்பு ட்ரான்ஸ்ஃபார்மர் இருக்கிற பழைய மாடல். லைட் எரியுது, தட்டு சுத்துது, ஃபேன் ஓடுது, நேரம் முடிஞ்சா மணியும் அடிக்குது. பால் மட்டும் வச்ச மாதிரியே இருக்கு. ஸ்டார்ட் அழுத்தின நொடியிலேயே அடியிலிருந்து ஒரு உறுமல் வருது, முன்னாடி இப்படி இருந்ததில்லை. மூடியைக் கழட்டி ஹைவோல்டேஜ் டயோடை மல்டிமீட்டர் டயோடு மோடுல வச்சுப் பார்த்தேன். ரெண்டு பக்கமும் OL. அப்ப டயோடுதானே? மாத்திடலாமா?

சோல்டர் புகை

டயோடேதான். இந்தக் கம்ப்ளெயின்ட்ல பல தடவை டயோடுதான் போயிருக்கும். ரெண்டு பக்கமும் OL-னா ஓப்பன். 12 கிலோவோல்ட், 350 மில்லி ஆம்பியர்னு கேட்டு வாங்குங்க. ஓட்டை இருக்கிற முனை பாடியில ஸ்க்ரூ, இன்னொன்னு கெப்பாசிட்டர்ல. அவ்வளவுதான்.

நெய்விளக்கு

எங்க வீட்டிலயும் இதேதான். ஆனா கிரில் போட்டா நல்லா சிவக்குது, கேக் கூட வருது. அப்ப ட்ரான்ஸ்ஃபார்மர் நல்லா இருக்குன்னுதானே அர்த்தம்?

பழைய மீட்டர்

நெய்விளக்கு அம்மா, கிரில் கம்பி நேராக 230 வோல்ட்டில் எரிவது. அதற்கும் ட்ரான்ஸ்ஃபார்மருக்கும் சம்பந்தமே இல்லை. கிரில் சிவப்பதை வைத்து ஹைவோல்டேஜ் பக்கத்தைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

கரிச்சட்டி, முதலில் ஒன்று கேட்கிறேன். மூடியைக் கழற்றியதும் கெப்பாசிட்டரை டிஸ்சார்ஜ் செய்தீர்களா? பிளக்கைப் பிடுங்கினாலும் அதில் 2,000 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். உள்ளேயே 10 மெகாஓம் ரெசிஸ்டர் ஒன்று இருக்கும். நல்ல நிலையில் இருந்தால் ஒரு நிமிடத்தில் அது சார்ஜை இறக்கிவிடும். அந்த ரெசிஸ்டரே போயிருந்தால் மணிக்கணக்கில் நிற்கும். அதனால் பிளக்கை எடுத்து ஒரு நிமிடம் பொறுத்து, பிளாஸ்டிக் கைப்பிடி போட்ட ஸ்க்ரூடிரைவரால் ஒற்றைக் கையில் கெப்பாசிட்டரின் இரண்டு முனைகளையும் இணையுங்கள். பிறகு ஒவ்வொரு முனையையும் பாடியோடு இணையுங்கள். மீட்டரை அதற்குப் பிறகுதான் எடுக்க வேண்டும். ஓடும்போது உள்ளே மீட்டர் வைக்கவே கூடாது. நம் கையில் இருப்பது 600 வோல்ட், 1,000 வோல்ட் மீட்டர். உள்ளே ஓடுவது 4,000.

இப்போது டயோடு. சாதாரண டயோடில் ஒரே சந்திதான் இருக்கும். இதில் பல சந்திகளை வரிசையாக அடுக்கி ஒரே குழலில் அடைத்திருக்கிறார்கள். திறக்கவே ஐந்தாறு வோல்ட் வேண்டும். டயோடு மோடில் மீட்டர் தருவது இரண்டு மூன்று வோல்ட்தான். ஆக, புத்தம்புது டயோடும் இரண்டு பக்கமும் OL காட்டும். உங்கள் ரீடிங் "ஷார்ட் இல்லை" என்று மட்டும்தான் சொல்கிறது.

ஒரு 9 வோல்ட் பேட்டரியை டயோடோடு வரிசையில் போடுங்கள், மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து அந்த வரிசையின் இரண்டு கடைசி முனைகளில் பிடியுங்கள். டயோடை ஒரு பக்கம் வைத்தால் சில வோல்ட் வரும், திருப்பி வைத்தால் பூஜ்யம் வரும். அப்படி இருந்தால் நல்லது. இரண்டு பக்கமும் பூஜ்யம் என்றால் ஓப்பன். இரண்டு பக்கமும் முழு 9 என்றால் ஷார்ட்.

சோல்டர் புகை

பழைய ஊசி மீட்டர் இருந்தா பேட்டரியே வேண்டாம். x10k ரேஞ்சுல உள்ளேயே 9 வோல்ட் இருக்கும், ஒரு பக்கம் ஊசி ஏறும். சரி, ரெண்டு பக்கமும் OL-னு வச்சு நான் சொன்னது தப்பு. ஆனா டயோடு இல்லைன்னும் நிரூபிக்கலையே.

பழைய மீட்டர்

உறுமல் நிரூபிக்கிறது. டயோடு ஓப்பன் ஆனால் அடுப்பு வழக்கத்தைவிட அமைதியாக இருக்கும். சூடாக்கும் மைக்ரோவேவ் அலையை உண்டாக்கும் மேக்னட்ரானுக்குப் போக வேண்டிய வோல்டேஜ் இரட்டிப்பாகாது, அது கரண்ட் இழுக்காது, ட்ரான்ஸ்ஃபார்மருக்கு லோடே இருக்காது. கெப்பாசிட்டர் ஓப்பன் ஆனாலும், மேக்னட்ரான் ஃபிலமென்ட் அறுந்தாலும் இதே அமைதிதான். உறுமினால் எங்கோ ஷார்ட். டயோடு ஷார்ட், கெப்பாசிட்டர் ஷார்ட், மேக்னட்ரான் பாடிக்கு ஷார்ட், அபூர்வமாக ட்ரான்ஸ்ஃபார்மர் சுற்றுக்குள்ளேயே ஷார்ட்.

நல்ல அடுப்பைக் காது கொடுத்துக் கேளுங்கள். முதல் இரண்டு மூன்று நொடி மெல்லிய ரீங்காரம். ஃபிலமென்ட் சூடானதும் சத்தம் கொஞ்சம் கனக்கும். அந்த மாற்றம்தான் மேக்னட்ரான் வேலையைத் தொடங்கிய நேரம். உங்களுடையது முதல் நொடியிலேயே உறுமுகிறது என்றால், ஃபிலமென்ட் சூடாகும் முன்பே கரண்டுக்கு வேறு வழி கிடைத்துவிட்டது.

கிளாம்ப் மீட்டர் இருந்தால் மூடியைப் போட்டுவிட்டு, உள்ளே ஒரு கிண்ணம் தண்ணீர் வைத்து, வெளியே பிளக்குக்குப் போகும் ஒற்றை வயரில் பாருங்கள். 800 வாட் அடுப்பு 230 வோல்ட்டில் ஐந்தரை ஆம்பியர் சுமாருக்கு இழுக்கும். அரை ஆம்பியருக்கும் கீழே என்றால் ட்ரான்ஸ்ஃபார்மருக்குக் கரண்டே வரவில்லை. கதவு சுவிட்ச், ரிலே, தெர்மல் கட்டவுட் பக்கம் போக வேண்டும்.

வடமராட்சி

அண்ணை, எங்கட வீட்டிலயும் உப்பிடித்தான். பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு சூடாகுறேல்லை, காலமை நல்லாச் சூடாகும். சத்தமும் இல்லை. டயோடு மாத்தவோ?

பழைய மீட்டர்

மாத்தாதேங்கோ தம்பி. மாலையில் வீட்டு வோல்டேஜைப் பாருங்கள். மேக்னட்ரான் ஒரு எல்லைக்குக் கீழே கரண்ட் இழுக்காது. பல்பு மாதிரி மெல்ல மங்காமல் சட்டென்று விழுந்துவிடும். 180 வோல்ட்டில் லைட்டும் தட்டும் ஓடும், சூடு மட்டும் பெயருக்குத்தான். காலையில் சரியாக இருக்கிறதென்றால் உள்ளே இருக்கும் மூன்று பாகமும் நலம்.

கரிச்சட்டி

டிஸ்சார்ஜ் பண்ணலை சார், நல்லவேளை. இப்ப பண்ணினேன், பொறி எதுவும் வரலை.

பேட்டரி டெஸ்ட்: ஒரு பக்கம் 5.8, இன்னொரு பக்கம் பூஜ்யம். டயோடு நல்லா இருக்கு போல.

கெப்பாசிட்டர் ரெண்டு வயரையும் எடுத்துட்டு அளந்தேன். மேல 1.0 மைக்ரோஃபாரட்னு போட்டிருக்கு, மீட்டர் 0.98 காட்டுது. ஓம்ஸ் 10 மெகாவுக்குப் பக்கத்துல வந்து நிக்குது. முனைக்கும் டப்பா உடம்புக்கும் OL.

மேக்னட்ரான்: ஃபிலமென்ட் ரெண்டு முனைக்கும் நடுவில 0.3 ஓம். ஃபிலமென்ட் டு பாடி OL. அதுவும் நல்லா இருக்கு! கிளாம்ப்ல 8 ஆம்பியரைத் தாண்டுச்சு, ரெண்டே நொடியில ஆஃப் பண்ணிட்டேன். எல்லாம் நல்லா இருந்தா உறுமுறது யாரு?

பழைய மீட்டர்

நன்றாக அளந்திருக்கிறீர்கள். கெப்பாசிட்டர் 10 மெகா காட்டுவது உள்ளே இருக்கும் ரெசிஸ்டர், அது உயிரோடு இருக்கிறது. அங்கே OL வந்திருந்தால் டிஸ்சார்ஜில் இன்னும் கவனம் தேவைப்பட்டிருக்கும்.

சிக்கல் மீட்டரின் சக்தியில்தான். டயோடு விஷயத்தில் மீட்டர் நல்லதைக் கெட்டது என்றது. இங்கே கெட்டதை நல்லது என்கிறது. சில வோல்ட்டில் பார்த்தால் மேக்னட்ரானின் உள்ளே இடைவெளி இருக்கிறது; 4,000 வோல்ட் வந்தால் அதே இடைவெளி தாண்டிக் கரண்ட் பாய்கிறது. அதிக வோல்டேஜ் கொடுத்து இன்சுலேஷனை அளக்கும் மெகர் கிடைத்தால், மேக்னட்ரானின் இரண்டு வயரையும் எடுத்துவிட்டு, 500 வோல்ட்டில் ஃபிலமென்ட்டுக்கும் பாடிக்கும் பாருங்கள். நல்லதில் நூற்றுக்கணக்கான மெகாஓம் வரும். கழற்றும்போது மேலும் கீழும் இருக்கும் கறுப்பு வளைய காந்தங்களில் விரிசல் இருக்கிறதா என்றும் பாருங்கள். காந்தம் உடைந்தால் கரண்டைக் கட்டுப்படுத்த ஆளில்லை, அதுவும் உறுமும்.

சோல்டர் புகை

மெகர் இல்லைன்னா, மேக்னட்ரான் வயரை மட்டும் கழட்டிட்டு ஒரு தடவை ஓட்டிப் பார்க்கலாமே? உறுமல் நின்னா மேக்னட்ரான்தான்.

பழைய மீட்டர்

பட்டறையில் செய்கிறார்கள். வீட்டில் வேண்டாம். கழற்றிய அந்த வயர் நுனியில் ஹைவோல்டேஜ் தொங்கிக்கொண்டிருக்கும்.

கரிச்சட்டி

ஒயரிங் வேலை பார்க்கிற நண்பர்கிட்ட மெகர் கிடைச்சுது. 500 வோல்ட்ல 2 மெகாஓம்! காந்தம் ரெண்டும் நல்லா இருக்கு. மேக்னட்ரானை வெளியே எடுத்தா நுனித் தொப்பி கருகி, ஒரு பக்கம் உருகி ஓட்டை. உள்சுவர்ல இருக்கிற மைக்கா தகடும் எண்ணெய் ஊறி, ஒரு ரூபாய் காசு அளவுக்குக் கரி.

பழைய மீட்டர்

ஆள் கிடைத்துவிட்டார். மேக்னட்ரான் வாங்கும்போது வாட்டை மட்டும் சொல்லி வாங்காதீர்கள். பழையதைக் கையில் கொண்டுபோய் ஸ்க்ரூ ஓட்டைகள், நுனியின் நீளம், வயர் முனை பார்க்கும் திசை மூன்றையும் ஒப்பிடுங்கள். நுனியைச் சுற்றி கம்பிவலை வளையம் ஒன்று இருக்கும்; அது சப்பையாகாமல், விடுபடாமல் உட்கார வேண்டும். இல்லையென்றால் அங்கிருந்து கசியும். பழையதன் பீங்கான் பகுதியை உடைத்து விளையாட வேண்டாம். சில மாடல்களில் பெரிலியம் ஆக்சைடு இருக்கலாம், அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது.

ஃபிலமென்ட் வயரின் கிளிப்பை இடுக்கியால் கொஞ்சம் இறுக்கிச் செருகுங்கள். அதில் 10 ஆம்பியர் வாக்கில் ஓடும், தளர்ந்தால் அதுவே கருகும். மைக்காவையும் மாற்றுங்கள், கரி பிடித்த மைக்கா மறுபடி பொறி விடும்.

கரிச்சட்டி

மேக்னட்ரான், மைக்கா ரெண்டும் மாத்தியாச்சு. முதல் ரெண்டு நொடி மெல்லிய சத்தம், அப்புறம் அந்தக் கனமான சத்தம், நீங்க சொன்ன மாதிரியே. கிளாம்ப்ல 5.6. ஒரு லிட்டர் தண்ணி, ஃபுல் பவர், ஒரு நிமிஷம்: 28 டிகிரியிலிருந்து 39.

பழைய மீட்டர்

ஒரு லிட்டர், ஒரு நிமிடம் என்றால் ஏறிய டிகிரியை 70-ஆல் பெருக்குங்கள். 11 டிகிரிக்கு 770 வாட். பாத்திரத்துக்குப் போனதையும் சேர்த்தால் 800-க்குப் பக்கம்தான்.

சோல்டர் புகை

மூடியைப் பூட்டுறதுக்கு முன்னாடி டயோடையும் மாத்திடுங்க. அத்தனை தடவை உறுமும்போது அடி வாங்கியிருக்கும்.

பழைய மீட்டர்

நான் மாற்ற மாட்டேன். பேட்டரி டெஸ்டில் தேறியது, கரண்டும் சரியாக வருகிறது.

சோல்டர் புகை

சில வோல்ட்ல பாஸ் ஆகி 4,000-ல ஃபெயில் ஆகும்னு மேக்னட்ரானுக்கு நீங்கதான் சொன்னீங்க. டயோடுக்கு மட்டும் அது பொருந்தாதா?

பழைய மீட்டர்

பொருந்தும். ஆனால் அப்படி இருந்தால் இப்போதே உறுமியிருக்கும்.

நெய்விளக்கு

என் அடுப்பு சத்தமே போடலை, கிரில் மட்டும் வருதுன்னு சொன்னேனே. மைக்கா கருகினதாலதான் மேக்னட்ரான் போச்சா, இல்லை மேக்னட்ரான் போகும்போது மைக்காவைக் கருக்கிடுச்சா? எங்களதுலயும் மைக்கா மூலையில லேசா கறுப்பு.

பழைய மீட்டர்

இரண்டு திசையிலும் நடப்பதுண்டு, கழற்றிய பிறகு பார்த்து எது முதலில் என்று பிரிக்க முடிவதில்லை. உங்கள் மைக்காவை இப்போதே மாற்றுங்கள். சத்தம் இல்லை என்பதால் கிளாம்ப் மீட்டரில் எத்தனை ஆம்பியர் என்று சொல்லுங்கள். கிரில் போடாமல், மைக்ரோ மட்டும்.