மதிப்பெண் அட்டவணையின் வரிசைக்கு ஒப்பந்தப்புள்ளியை மாற்றி அமைப்பது எப்படி?

கேள்வி:
கட்டட மின்பராமரிப்புப் பணிக்கான தொழில்நுட்ப முன்மொழிவை நிறுவன அறிமுகம், அனுபவம், பணியாளர், செயல்முறை என்ற வரிசையில் எழுதி முடித்துவிட்டோம். ஒப்பந்தப்புள்ளி ஆவணத்திலோ செயல்முறைக்கு 40, பணியாளர் தகுதிக்கு 30, அனுபவத்திற்கு 20, இடர் மேலாண்மைக்கு 10 என்று மதிப்பெண்கள் வரிசையிடப்பட்டுள்ளன. இடர் பற்றிய செய்திகள் எங்கள் வரைவில் பல இடங்களில் சிதறிக் கிடக்கின்றன. பக்க வரம்பு 40. அத்தியாயங்களை இடம் மாற்றினால் போதுமா?

மறுமொழி 1:
எதையும் மாற்றத் தேவையில்லை. எந்த அளவுகோலுக்கான விடை எந்தப் பக்கத்தில் உள்ளது என்று முதல் பக்கத்தில் ஓர் அட்டவணை வைத்துவிடுங்கள். நாங்கள் அப்படித்தான் செய்கிறோம்.

மறுமொழி 2:
அட்டவணை வேண்டியதுதான், ஆனால் அது மட்டும் போதாது. மதிப்பீட்டாளர்கள் அளவுகோல்களைத் தமக்குள் பிரித்துக்கொள்வதுண்டு. இடர் பகுதிக்கு மதிப்பெண் இடுபவர் உங்கள் செயல்முறைப் பகுதியைத் திறக்காமலே போகலாம்.

முதலில், ஒப்பந்தப்புள்ளி தருவோருக்கான அறிவுறுத்தல்களில் வடிவம் வகுக்கப்பட்டுள்ளதா என்று பாருங்கள். வகுத்திருந்தால் அதையே பின்பற்றி, அளவுகோல்களை உள்தலைப்புகளாக்குங்கள். இல்லையெனில், அளவுகோல்களை அவர்களுடைய சொற்களிலும் எண்களிலும் தலைப்புகளாக இட்டு, வெற்றுச் சட்டகம் ஒன்றை அமையுங்கள். பிறகு பழைய வரைவின் ஒவ்வொரு பத்திக்கும் அருகில் அதற்குரிய அளவுகோல் எண்ணைக் குறியுங்கள். எந்த எண்ணும் பொருந்தாத பத்திகள் பெரும்பாலும் நிறுவன அறிமுகத்தில்தான் இருக்கும். அவற்றைத் தயங்காமல் நீக்கலாம்.

இரண்டு எண்கள் பெறும் பத்திகளில்தான் உண்மையான வேலை இருக்கிறது. மாற்று ஜெனரேட்டர் பற்றிய பத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். செயல்முறையில் அதன் பராமரிப்பு அட்டவணை வர வேண்டும். இடர் பகுதியில், அது இயங்காவிட்டால் யார் முடிவெடுப்பார், எவ்வளவு நேரத்தில் மாற்று வரும் என்பது வர வேண்டும். "பிரிவு 1.3 காண்க" என்று எழுதி நிறுத்திவிடாதீர்கள். இடம் மாறிய பத்திகளில் "மேலே கூறியபடி" என்ற தொடர் எஞ்சியுள்ளதா என்றும் தேடிப் பாருங்கள். மேலே இருந்தது இப்போது கீழே போயிருக்கும்.

மறுமொழி 3:
எங்கள் விலைப்பட்டியலிலும் இப்படி வரிசையை மாற்றினோம், ஒப்பந்தப்புள்ளியையே நிராகரித்துவிட்டார்கள். எனவே கவனம்.

மறுமொழி 2:
அது வேறு செய்தி, ஐயா. விலைப்பட்டியலை அவர்கள் தந்த படிவத்திலேயே நிரப்ப வேண்டும். இங்கு பேசுவது தொழில்நுட்ப முன்மொழிவைப் பற்றி மட்டுமே.

கேள்வி கேட்டவர்:
நன்றி. மேற்பார்வையாளரின் பழைய பணிகள் பணியாளர் தகுதி, அனுபவம் இரண்டிலும் வர வேண்டியுள்ளதால் பக்க வரம்பு இடிக்கிறது.

மறுமொழி 2:
பணியாளர் பகுதியில் அவர் வகித்த பொறுப்பையும், அனுபவப் பகுதியில் அப்பணியின் அளவையும் முடிவையும் எழுதினால் ஒரே செய்தி இருமுறை வராது. தன்விவரங்களைப் பின்னிணைப்பாக்கலாம், அது பக்க வரம்பில் சேராது என்றால் மட்டும்.

மறுமொழி 1:
மதிப்பெண் விகிதப்படி பக்கங்களைப் பிரித்தால் செயல்முறைக்கு 16, இடருக்கு 4 பக்கங்கள் வரும்.

மறுமொழி 2:
தொடக்கக் கணக்காக அதை வைத்துக்கொள்ளலாம், ஆனால் வரைபடங்கள் மிகுந்த பகுதிக்கு அது பொருந்தாது.

கேள்வி கேட்டவர்:
பின்னிணைப்பு வரம்பில் சேருமா என்பது ஆவணத்தில் இல்லை. விளக்கம் கோருவதற்கான கெடு முடியாததால் எழுதிக் கேட்டிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை.