இலக்குக்காகக் காப்பீடு விற்கும் வங்கி வேலை: மனம் ஒப்பாமல் நீடிக்கலாமா?

வெண்ணாற்றங்கரை (கேள்வி):
தனியார் வங்கிக் கிளை ஒன்றில் வாடிக்கையாளர் தொடர்பு அதிகாரியாக இருக்கிறேன். வைப்புத்தொகை முதிர்ந்து வரும் முதியவர்களிடம் ஆயுள் காப்பீட்டுப் பாலிசி விற்கச் சொல்கிறார்கள். யாரும் பொய் சொல்லச் சொல்வதில்லை. ஆனால் முழு உண்மையையும் சொன்னால் இலக்கை எட்ட முடியாது. விடுப்பு எடுத்துத் திரும்பினாலும் சோர்வு போகவில்லை. இது என் மனத்தின் பலவீனமா, இந்த வேலையின் தன்மையா? வீட்டுக் கடன் இருப்பதால் உடனே விலக இயலாது.

செந்தூரன்:
நீங்கள் தேவைக்கு மேல் பாரம் சுமக்கிறீர்கள் என்பது என் கருத்து. விண்ணப்பத்தில் கையெழுத்திடுபவர் வாடிக்கையாளர். பாலிசி வழங்குவதற்கு முன் காப்பீட்டு நிறுவனத்திலிருந்து சரிபார்ப்பு அழைப்பு வருகிறது. ஆவணம் கைக்கு வந்த பிறகும், வேண்டாம் என்றால் 30 நாட்களுக்குள் திருப்பிக் கொடுத்துவிடலாம். இத்தனை வாய்ப்புகளையும் கடந்து ஒருவர் பாலிசியை வைத்துக்கொண்டால் அது அவர் எடுத்த முடிவு. அதற்கு நீங்கள் பொறுப்பாக முடியாது.

பழைய பேரேடு:
செந்தூரன் சொன்ன விதிகள் சரியானவை. கிளைகளில் நெடுங்காலம் மேலாளராக இருந்தவன் என்ற முறையில், அவை மேசையில் எப்படி நடைமுறையாகின்றன என்பதைச் சொல்கிறேன்.

ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். மாத ஓய்வூதியம் 22,000 ரூபாய்; முதிர்ந்த வைப்புத்தொகை 6 லட்சம். ஆண்டுக்கு 1,20,000 ரூபாய் வீதம் ஐந்து ஆண்டுகள் கட்ட வேண்டிய பாலிசி அவருக்கு விற்கப்படுகிறது. மொத்தம் அதே 6 லட்சம்தான் என்பதால் பேச்சு எளிதாக ஓடுகிறது. "இதுவும் எஃப்.டி. மாதிரிதானே?" என்று அவர் கேட்கும்போது, "அதைவிட நல்லது அம்மா" என்பதுதான் பதில். இந்தப் பதிலில் பொய்யென்று சுட்டிக்காட்ட எதுவும் இல்லை. ஆண்டு ஓய்வூதியம் 2,64,000 ரூபாய் பெறுபவருக்கு இந்தத் தவணை வருமானத்தில் ஏறக்குறைய பாதி என்பதும், இடையில் நிறுத்தினால் கட்டியதில் ஒரு பகுதி திரும்பாது என்பதும் அங்கே பேசப்படுவதே இல்லை.

அடுத்து சரிபார்ப்பு அழைப்பு. பல கிளைகளில் அது வரும் நேரத்தில் வாடிக்கையாளர் அதிகாரியின் எதிரே அமர்ந்திருப்பார். கைபேசி ஒலிபெருக்கியில் இருக்கும். ஒவ்வொரு கேள்விக்கும் அவர் அதிகாரியின் முகத்தைப் பார்ப்பார், அதிகாரி தலையசைப்பார், அவர் "ஆமாம்" என்பார். பாதுகாப்புக்கென்று வைத்த அழைப்பு, பின்னாளில் அவருக்கு எதிரான பதிவாகிவிடுகிறது. அந்த 30 நாட்களும் இப்படித்தான் கழியும். அது வைப்புச் சான்றிதழ் என்று நம்பி பீரோவில் பூட்டி வைத்திருப்பவருக்குத் திருப்பித் தரவேண்டும் என்று எப்படித் தோன்றும்?

உண்மை வெளிப்படுவது இரண்டாம் ஆண்டுத் தவணை அறிவிப்பு வரும்போதுதான். அதற்குள் விற்ற அதிகாரி பெரும்பாலும் மாற்றலாகியிருப்பார். வேறொருவர் தலையசைத்து விற்ற பாலிசிக்கு அந்த இடத்துக்கு வந்த புதிய அதிகாரி விளக்கம் சொல்ல வேண்டும், அன்று மாலையே கிளைக் குழுவில் "இன்று எத்தனை லாகின்?" என்று புதிதாகப் பதிவான பாலிசி விண்ணப்பங்களைக் கேட்கும் கேள்விக்கும் எண்ணிக்கை தர வேண்டும். விளைவு காலையிலும் அதற்கான விதை மாலையிலுமாக இரண்டும் ஒரே நாற்காலிக்கு வருகின்றன. விடுப்பில் தீராத சோர்வு இதுதான். வேலைப்பளுவால் வந்த களைப்பு ஓய்வில் குறையும். இதுவோ திரும்பி வந்ததும் முதல் வாடிக்கையாளரோடு மீண்டும் தொடங்கிவிடும்.

கோவை இளங்கோ:
பொதுத்துறை வங்கித் தேர்வு எழுதுவதே தீர்வு என்று நினைக்கிறேன். வயது வரம்பு இருப்பதால் தாமதிக்க வேண்டாம். என் மருமகன் பயிற்சி பெற்ற நிலையத்தின் விவரம் தருகிறேன்.

பழைய பேரேடு:
இளங்கோ அவர்களே, பொதுத்துறை வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களின் முகவர்களாக இருக்கின்றன. அங்கும் இலக்கு உண்டு. 2024 நவம்பரில் நிதி அமைச்சர் நிர்மலா சீதாராமனே வங்கிகள் காப்பீட்டைத் தவறாக விற்பது பற்றிப் பொதுமேடையில் பேசினார்.

மகிழம்பூ:
நான் வங்கியில் இருப்பவள் அல்ல, செவிலியர். ஆனாலும் இதைப் படித்தபோது எங்கள் வார்டைப் பற்றித்தான் எழுதியிருக்கிறீர்களோ என்று தோன்றியது. 1984-ல் ஆண்ட்ரூ ஜேம்டன் என்னும் அமெரிக்க அறிஞர் செவிலியர்களிடம்தான் இதை முதலில் தனித்துக் காட்டினார்: செய்ய வேண்டியது எதுவென்று தெரிந்திருந்தும் நிறுவனம் அதற்கு இடம் தராதபோது வரும் துயரம். பின்னால் எழுதியவர்கள் இன்னொன்றையும் கவனித்தார்கள். ஒவ்வொரு நிகழ்வும் முடிந்தபின் மனத்தில் ஒரு படிவு தங்குகிறது. அடுத்தது அந்தப் படிவின் மேல் தொடங்குவதால், சிறிய விஷயம்கூட முன்பைவிடக் கனமாக இருக்கிறது.

நான் வேலை பார்த்த தனியார் மருத்துவமனையில், தேறிய நோயாளியை இன்னும் ஓர் இரவு தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்திருப்பார்கள். ஏன் என்று உறவினர்கள் என்னிடம்தான் கேட்பார்கள். பிறகு அங்கிருந்து விலகி வேறிடம் சேர்ந்தேன். புதிய இடம் நேர்மையானது. இருந்தும் யாராவது பில் விவரம் கேட்டால் இன்றும் நெஞ்சு படபடக்கிறது. ஆகவே, விலகினால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று மட்டும் எண்ணாதீர்கள்.

செந்தூரன்:
தவறு அவ்வளவு தெளிவாக இருந்தால் நிறுவனத்திடமே புகார் செய்யலாம் அல்லவா? பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் ஊழியர் புகார் செய்ய ஏற்பாடு வைத்திருக்க வேண்டும் என்று 2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டமே சொல்கிறது. அதைப் பயன்படுத்தாமல் மனச்சோர்வைப் பற்றி மட்டும் பேசுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

பழைய பேரேடு:
அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கியிலும் நெறிமுறைப் புகாருக்குத் தொலைபேசி இணைப்பு இருந்தது. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் எட்டு சேவைகளை விற்க வேண்டும் என்ற இலக்கால், கேட்காமலேயே லட்சக்கணக்கில் கணக்குகள் திறக்கப்பட்டது 2016 செப்டம்பரில் வெளியானது. விற்பனை முறைகேட்டுக்காக ஏறத்தாழ 5,300 ஊழியர்கள் நீக்கப்பட்டிருந்தார்கள். புகார் இணைப்பை அழைத்த பிறகு தம்மைப் பழிவாங்கினார்கள் என்று முன்னாள் ஊழியர்கள் சிலர் சொன்னார்கள். இலக்கை வைத்தவர்களிடமே இலக்கைப் பற்றிப் புகார் செய்வதில் இந்த ஆபத்து எப்போதும் இருக்கிறது.

இங்கே ரிசர்வ் வங்கி 2007-ல் தனியார் மற்றும் வெளிநாட்டு வங்கிகளுக்காக ஒரு திட்டம் கொண்டுவந்தது. அதன்படி ஊழியர் நேரடியாக ரிசர்வ் வங்கிக்கு எழுதலாம். பெயரை இரகசியமாக வைத்துக்கொள்வார்கள். பெயரில்லாக் கடிதத்தை இந்தத் திட்டத்தின் கீழ் ஏற்பதில்லை. ஆனால் சிறிய கிளையில் ஆவண எண்ணோடு புகார் போனால் எழுதியவர் யாரென்று ஊகிப்பது கடினமல்ல. வீட்டுக் கடன் உள்ள ஒருவரிடம் அதைக் கடமை என்று சொல்ல எனக்கு மனமில்லை.

வெண்ணாற்றங்கரை:
அனைவருக்கும் நன்றி. சரிபார்ப்பு அழைப்பைப் பற்றிய பகுதியைப் படித்துவிட்டு நெடுநேரம் வேறெதுவும் செய்ய முடியவில்லை. அண்மையில் நான் போட்ட ஒரு பாலிசிக்கு அந்த 30 நாட்கள் இன்னும் முடியவில்லை. அந்த அம்மாவை அழைத்து விவரம் சொல்லலாமா?

செந்தூரன்:
சம்பளம் தரும் நிறுவனத்தின் விற்பனையை நீங்களே கலைப்பது முறையல்ல. மனம் ஒப்பவில்லையென்றால் இனி விற்காமல் இருங்கள்.

மகிழம்பூ:
திருப்பித் தரும் உரிமை அந்த அம்மாவுடையது. அதைத் தெரிவிப்பது எப்படித் துரோகமாகும்?

பழைய பேரேடு:
இதில் நான் மகிழம்பூவின் பக்கம். திருப்பிக் கொடுங்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆவணத்தை எடுத்துக்கொண்டு கிளைக்கு வரச் சொல்லி, எத்தனை ஆண்டுகள் எவ்வளவு கட்ட வேண்டும் என்ற பக்கத்தை அவரையே படிக்கச் சொல்லுங்கள்; வேண்டாம் என்றால் எந்தத் தேதிக்குள் எழுத வேண்டும் என்பதையும் காட்டுங்கள். அவர் முடிவெடுத்தால், காப்பீட்டு நிறுவனத்துக்குத் தம் கையால் கடிதம் எழுதி, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை நகலில் வாங்கிக்கொள்ளட்டும். முத்திரைத்தாள் செலவு, மருத்துவப் பரிசோதனை செய்திருந்தால் அதன் செலவு, கழிந்த நாட்களுக்கான காப்பீட்டுக் கட்டணம் ஆகியவை போக மீதி திரும்ப வரும். அவர் வரும்போது மகனோ மகளோ உடன் இருந்தால் நல்லது. நீங்கள் எதிரே அமர்ந்து தலையசைக்க வேண்டிய நிலை அப்போது இருக்காது.