வாய்க்காலுக்குப் போகும் 60 சென்ட்: பணத்தை வாங்கலாமா?

உசிலம்பட்டி மல்லி: வாய்க்காலை அகலப்படுத்த எங்கள் மல்லிகைத் தோட்டத்தில் 60 சென்ட் எடுக்கிறார்கள், 2013 நில எடுப்புச் சட்டப்படி. சென்ட்டுக்கு 6,250 ரூபாய் அடிப்படையில் அவார்டும், அதாவது இழப்பீட்டு உத்தரவும், போட்டாச்சு. திங்கட்கிழமை கையெழுத்துப் போட வரச் சொல்கிறார்கள். பணம் வாங்கினால் அப்புறம் கேட்க முடியாதா?

மேலூர்க்காரன்: தொடவே தொடாதீங்க. வாங்கினால் சம்மதம்னு அர்த்தம், கேஸ் செத்துப்போகும்.

நில அளவை மாமா: பாதிதான் சரி தம்பி. மறுப்பேதும் சொல்லாமல் வாங்கினால்தான் உரிமை போகும். ரசீதில் “ஆட்சேபணையுடன் பெற்றுக்கொள்கிறேன்” என்று உங்கள் கையாலேயே எழுதி, அதன் நகலைக் கேட்டு வாங்குங்கள். வாங்க மாட்டேன் என்றால் பணம் இழப்பீட்டுத் தகராறுகளை விசாரிக்கும் தீர்வாணையத்தில் டெபாசிட் ஆகிவிடும், நிலமும் போகும், வேறு லாபம் இல்லை.

திருமங்கலம் ரோடு: எங்களுக்கு நாலுவழிச் சாலையில் எடுத்தபோது ஆட்சியரே நடுவர், அவரிடம்தான் மனுக் கொடுத்தோம். நீங்களும் அங்கேயே போங்க.

நில அளவை மாமா: அது தேசிய நெடுஞ்சாலைச் சட்டம், பாதையே வேறு. இவர் ஆட்சியரிடம் கொடுக்கும் மனுவை அவர் 30 நாளில் தீர்வாணையத்துக்கு அனுப்பியாக வேண்டும். தொகையைக் கூட்டுவது அங்கேதான். மல்லி, 6,250 எப்படி வந்ததுன்னு பார்த்தீங்களா?

உசிலம்பட்டி மல்லி: பக்கத்து நிலங்களின் 8 பத்திரம் எடுத்திருக்கிறார்கள். சென்ட்டுக்கு 10,000, 9,000, 8,000, 7,000, 5,000, 4,000, 4,000, 3,000. வழிகாட்டி மதிப்பு 4,000.

நில அளவை மாமா: எட்டையும் கூட்டி எட்டால் வகுத்திருக்கிறார்கள், அங்கேதான் தப்பு. அறிவிக்கைக்கு முந்தைய 3 வருடப் பத்திரங்களில் விலை கூடின பாதியை மட்டும்தான் சராசரி எடுக்கணும். அந்த நாலுக்கு 8,500 வருகிறது. சென்ட்டுக்கு 2,250 வித்தியாசம், 60 சென்ட்டுக்கு 1,35,000, அதற்கு நூறு சதவீத ஆறுதல் தொகை சேர்ந்தால் 2,70,000. கிராமப்புற நிலம் என்பதற்காகச் சந்தை மதிப்பைப் பெருக்குவது தனி. சார்பதிவாளர் அலுவலகத்தில் சுற்றுப்பட்ட சர்வே எண்களுக்கும் வில்லங்கம் போட்டுப் பாருங்கள், விட்டுப்போன பத்திரம் இருக்கலாம்.

மேலூர்க்காரன்: பத்திரமே பொய் சார். எங்க பக்கம் 20,000 கைமாறினால் 7,000 என்றுதான் எழுதுகிறார்கள். அதில் பாதி எடுத்தால் என்ன, முழுசா எடுத்தால் என்ன?

செக்கானூரணி வாத்தியார்: முத்திரைத்தாள் செலவை மிச்சம் பிடிக்கக் குறைத்து எழுதியது நாம்தானே? இப்போது அரசு மட்டும் உண்மை விலை கொடுக்கணும்னு கேட்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. வாய்க்காலில் தண்ணீர் வந்தால் மிச்ச நிலமும் விலை ஏறும்.

உசிலம்பட்டி மல்லி: ஐயா, குறைத்து எழுதியவர்கள் வேறு ஆட்கள். எங்கள் தாத்தா காலத்து நிலம், நாங்கள் விற்றதே இல்லை. கிணறும் அந்த 60 சென்ட்டுக்குள்தான் போகிறது. கிணறு இல்லாமல் மிச்சத்தில் மல்லிகை எப்படி நிற்கும்?

செக்கானூரணி வாத்தியார்: கிணறு போகுதுன்னு எனக்குத் தெரியாது. ஆனாலும் பத்திரம் விஷயத்தில் என் கருத்து அதேதான்.

நில அளவை மாமா: கிணற்றுக்கும் செடிகளுக்கும் தனி மதிப்பு உண்டு, மிச்ச நிலம் பாழாவதற்கும் இழப்பீடு கேட்கலாம். மனுவில் இதையும் காரணமாக எழுதுங்கள். அவார்டு அன்று நேரில் போனீங்களா?

உசிலம்பட்டி மல்லி: இல்லை. நோட்டீஸ் அம்மா கையில் வந்தது, தேதி ஞாபகம் இல்லை என்கிறார்கள்.

நில அளவை மாமா: நேரில் இருந்தவருக்கு அவார்டு தேதியிலிருந்து 6 வாரம். இல்லாதவருக்கு நோட்டீஸ் கிடைத்ததிலிருந்து 6 வாரம் அல்லது அவார்டிலிருந்து 6 மாதம், எது முந்தியோ அது. நோட்டீஸ் தேதி தகராறாகும். அவார்டு தேதியிலிருந்தே 6 வாரத்தை எண்ணிக்கொண்டு அதற்குள் மனுவைக் கொடுத்து, முத்திரை போட்ட நகல் வாங்கிவிடுங்கள்.